திருகோணமலையில் கடை போட்டவர்கள் கேட்பவை: வழிகாட்டி தேடுவதும் வர்த்தகர் சங்கத்தில் சேருவதும்

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலும் சில்லறைக் கடை, பலசரக்குக் கடை தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. ஆறாவது கேள்வி மட்டும் நீளமானது. சீசன் முடியும்போது செக் திரும்புவது பற்றிய கணக்கு அது. அவசரத்தில் இருப்பவர்கள் அதை முதலில் படிக்கலாம்.

1. கடை துறந்து ஆறு மாசம்தான். முதல்ல சங்கத்தில சேருறதா, இல்லாட்டி அனுபவசாலி ஒராளைப் பிடிக்கிறதா?

ஆளைப் பிடியுங்கள். கடைக்குள்ளே நடக்கும் பிரச்சினைக்கு, அதாவது எவ்வளவு சரக்கு எடுப்பது, யாருக்குக் கடன் கொடுப்பது, எந்தத் திகதியில் செக் போடுவது என்பதற்கெல்லாம், உங்கள் கொப்பியைப் பார்த்துப் பேசும் ஒருவர்தான் வேண்டும். நாற்பது பேர் இருக்கும் கூட்டத்தில் உங்கள் கொப்பியை யாரும் புரட்டப் போவதில்லை.

கடைக்கு வெளியே வரும் பிரச்சினை வேறு. மாரி மழைக்குக் கான் அடைத்து முழுத் தெருவுக்கும் தண்ணீர் ஏறுகிறது, லொறி சாமான் இறக்க இடமில்லை, ஏஜென்சி பழைய சாமானைத் திருப்பி எடுக்கவில்லை. இவற்றில் ஒரு கடைக்காரர் தனியாகப் போய் நின்றால் "பார்ப்பம்" என்ற பதில்தான் கிடைக்கும். அங்கேதான் சங்கம் வேண்டும். முதல் வருடத்தில் உள்ளே இருக்கும் பிரச்சினையே கடையை மூட வைக்கிறது என்பதால்தான் ஆள் முதலில், சங்கம் பிறகு என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் வருடக் கணக்கில் இடைவெளி விடத் தேவையில்லை. சில மாதங்கள் போதும்.

2. சங்கத்தில சேர என்னென்ன கொண்டு போகவேணும்?

சங்கத்துக்குச் சங்கம் மாறும். பொதுவாகக் கேட்பவை: வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழின் பிரதி, தேசிய அடையாள அட்டைப் பிரதி, உள்ளூராட்சி சபையின் நடப்பு வருட வியாபார அனுமதிப்பத்திரம் அல்லது வரி கட்டிய பற்றுச்சீட்டு, கடை வாடகை ஒப்பந்தம், அனுமதிக் கட்டணம். ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவரோ இருவரோ முன்மொழிய வேண்டும் என்று சில யாப்புகளில் இருக்கும்.

இங்கே அடிக்கடி சிக்குவது முகவரி. வீட்டு முகவரியில் பெயரைப் பதிந்துவிட்டுப் பிறகு கடையை வேறு தெருவில் எடுத்திருப்பார்கள். சான்றிதழில் ஒரு முகவரி, வாடகை ஒப்பந்தத்தில் இன்னொன்று. இதைச் சங்கம் பெரிதாக எடுக்காமல் விட்டாலும் வங்கி விடாது. முதலில் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் முகவரியை மாற்றிக்கொண்டு வாருங்கள்.

3. ஆரிட்டப் போறது? அதே தெருவில அதே சாமான் விக்கிறவர் எனக்குச் சொல்லித் தருவாரா?

தரமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. உங்கள் வாடிக்கையாளர் அவருடைய வாடிக்கையாளரும்கூட. ஆனால் அதே தொழிலை வேறு இடத்தில் செய்பவர் தருவார். உங்கள் கடை உப்புவெளியில் என்றால் கிண்ணியாவிலோ மூதூரிலோ கந்தளாயிலோ பதினைந்து, இருபது வருடம் கடை நடத்துபவருக்கு உங்களால் ஒரு நட்டமும் இல்லை. அவர் ஏஜென்சிகளோடு பழகியவர், புறக்கோட்டையிலும் தம்புள்ளையிலும் சரக்கு எடுக்கத் தெரிந்தவர். உங்களுக்கு வேண்டியது அந்த அறிவுதான்.

இன்னொரு நல்ல ஆள், கடையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பின்னேரத்தில் வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கும் பெரியவர். அவருக்கு நேரம் இருக்கிறது, போட்டி இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பத்து வருடத்துக்கு முன்னர் கடையை விட்டவராக இருந்தால் சரக்கைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் அவர் சொல்வதைக் கேளுங்கள். வரி, வங்கி, விலைக் கட்டுப்பாடு பற்றி அவர் சொல்வதை இன்னொரு இடத்தில் சரிபாருங்கள்.

ஆளைத் தெரியாவிட்டால் விற்பனை ரெப்பிடம் கேளுங்கள். எந்தக் கடையின் செக் ஒருபோதும் திரும்புவதில்லை என்பது அவருக்குத் தெரியும். "உங்கட ரூட்டில ஆற்ற செக்கை யோசிக்காம வாங்குவீங்கள்?" என்ற ஒரு கேள்வியில் இரண்டு, மூன்று பெயர் வந்துவிடும். பிரதேச செயலகத்தில் சிறு தொழில்முயற்சிகளுக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரும் ஆட்களைக் காட்டுவார். பயிற்சி வகுப்பு, கடன் திட்டம் பற்றிய விபரம் அவரிடம் கிடைக்கும். ஆனால் கடைக் கணக்குக்குக் கடைக்காரர்தான்.

4. பெரியவரிட்டப் போய் "எனக்கு வழிகாட்டுங்கோ" எண்டு எப்பிடிக் கேக்கிறது? வெக்கமா இருக்கு.

அப்படிக் கேட்கவே வேண்டாம். அது அவருக்கும் சங்கடம். எவ்வளவு நாள், எவ்வளவு வேலை என்று தெரியாத ஒன்றுக்கு அவர் எப்படி ஓம் சொல்வார்? ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். "ஐயா, நான் மூண்டு கெஸ்ட் ஹவுசுக்குக் கடனுக்குச் சாமான் குடுக்கிறன். மாசக் கடைசியில பில் போடுறன். காசு வர இன்னும் பதினைஞ்சு நாள் போகுது. நீங்கள் எண்டா எத்தினை நாள் விடுவீங்கள்?" அவர் கட்டாயம் பதில் சொல்வார், ஏனென்றால் இதே இடத்தில் அவரும் அடிபட்டிருப்பார். முஸ்லிம் கடைகளில் நானா, ஹாஜியார் என்றும், மற்றவர்களை ஐயா, அண்ணை என்றும் அவர் வழக்கப்படி கூப்பிட்டுப் பேசுங்கள்.

நேரம் முக்கியம். காலையில் பாண், பால்மா விற்கும் நேரத்திலும் பின்னேரம் ஐந்துக்குப் பிறகும் போகாதீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டரைக்கும் நாலுக்கும் இடையில், கடை ஓய்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ நேரத்தையும் கோயில் நேரத்தையும் விடுங்கள். இருபது நிமிடத்தில் எழும்பிவிடுங்கள்.

இரண்டாம் தடவை போகும்போதுதான் அவர் உங்களை எடை போடுவார். அவர் சொன்னதைச் செய்தீர்களா, என்ன நடந்தது என்று போய்ச் சொல்ல வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் இரண்டு கிழமைக்குள் நீங்களே சொல்லுங்கள். சொன்னதைச் செய்யாமல் புதுக் கேள்வியோடு வருபவருக்கு மூன்றாம் தடவை "பிறகு வாங்கோ தம்பி" என்றுதான் பதில் வரும். செய்துவிட்டு வருபவருக்கு அவரே தன் கொப்பியைத் திறந்து காட்டுவார்.

5. என்ர கணக்கை வெளி ஆளுக்குக் காட்டலாமா? என்னத்தைக் காட்டுறது?

காட்டாவிட்டால் அவரால் உதவ முடியாது. "வியாபாரம் பரவாயில்லை, ஆனா கையில காசு நிக்குதில்லை" என்பதை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. அதற்காக எல்லாவற்றையும் காட்டத் தேவையில்லை. வங்கிப் புத்தகம், வீட்டுக் கடன், அடகு, இவையெல்லாம் உங்களுடையவை.

ஒற்றைத் தாளில் நாலு எண் போதும். ஒரு நாளின் சராசரிக் காசு விற்பனை. ஒரு நாளின் சராசரிக் கடன் விற்பனை. வெளியில் நிற்கும் கடன், அதில் 30 நாளைத் தாண்டியது எவ்வளவு என்று பிரித்து. இன்னும் வங்கிக்குப் போகாத செக்குகள், திகதி வாரியாக. இந்த நாலாவதைத்தான் பெரும்பாலானோர் எழுதி வைப்பதில்லை. செக் புத்தக அடிக்கட்டையில் தொகை இருக்கும், போட்ட திகதி இராது. ஒரு நாட்காட்டியை எடுத்து, எந்த நாளில் செக் விழுகிறதோ அந்தக் கட்டத்துக்குள் தொகையை எழுதுங்கள். ஒரு மணித்தியால வேலைதான். எழுதி முடிக்கும்போதே உங்களுக்குச் சில விடயம் விளங்கிவிடும்.

6. மே தொடங்கி செப்டெம்பர் மட்டும் நல்லா ஓடுது. ஒக்டோபர் வந்தா ரெண்டாம் கிழமையில செக் திரும்புது. ரெண்டு வருசமா இதுதான். நட்டத்தில விக்கேல்லை, பிறகு ஏன்?

திருகோணமலைக் கரையோரக் கடைகளுக்கென்றே உள்ள பிரச்சினை இது. நட்டத்தால் வருவதில்லை, திகதியால் வருவது. ஒரு கடையை வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

சீசனில் நாளொன்றுக்கு 57,000 ரூபாய் விற்பனை. அதில் 37,000 காசு, 20,000 கெஸ்ட் ஹவுஸ் கடன். அந்தச் சரக்கின் கொள்விலை 50,000 ரூபாய். ஏஜென்சிகளுக்கு 21 நாள் திகதியிட்ட செக். கெஸ்ட் ஹவுஸ்களுக்கு மாதக் கடைசியில் பில், பணம் அடுத்த மாதம் 15ஆம் திகதி. ஆகவே நாளொன்றுக்கு 50,000 ரூபாய்க்குச் செக் விழ, கல்லாவில் 37,000 சேர்கிறது. குறையும் 13,000ஐ ஒவ்வொரு மாதமும் 15இல் வரும் ஆறு இலட்சம் நிரப்புகிறது. செப்டெம்பர் 16ஆம் திகதி வங்கி மீதியைப் பார்த்தால் வருடத்திலேயே நல்ல நாள் அதுவாகத்தான் தெரியும். அந்தச் சந்தோசத்தில்தான் மேலும் சரக்குப் போடுகிறார்கள்.

இப்போது ஒக்டோபருக்கு வாருங்கள். வெளிநாட்டவர் குறைகிறார்கள். படகுக்காரர், வான் சாரதி, சமையலாள் என்று சீசனை நம்பிய வீடுகளின் கொள்வனவும் சேர்ந்தே குறைகிறது. காசு விற்பனை 25,000க்கு இறங்குகிறது என்று வைப்போம். ஆனால் வங்கிக்கு வரும் செக்குகள் செப்டெம்பரில் எழுதியவை, அவை நாளொன்றுக்கு 50,000தான். முதல் 14 நாளில் செக் 700,000. கல்லா 350,000. பள்ளம் 350,000 ரூபாய். இதில் சம்பளமும் வாடகையும் மின்சாரப் பில்லும் இன்னும் சேரவில்லை. 15இல் செப்டெம்பர்ப் பில் வரும் என்று நம்பியிருந்தால், கெஸ்ட் ஹவுஸ்காரரின் கையும் அந்த நேரம் காய்ந்துதான் இருக்கும். அவர் "அடுத்த கிழமை" என்பார். அதனால்தான் இரண்டாம் கிழமையில் செக் திரும்புகிறது.

21 நாள் செக் என்றால், செப்டெம்பர் 10 முதல் நீங்கள் எழுதும் ஒவ்வொரு செக்கும் ஒக்டோபர்ப் பணத்தில் போகும் செக். அந்தத் திகதியை நாட்காட்டியில் சிவப்பால் சுற்றி வையுங்கள். அன்றிலிருந்து ஓடர் ஒக்டோபர் விற்பனைக்கு ஏற்றபடி, நாளுக்கு 35,000 அளவில் இருக்க வேண்டும். செப்டெம்பர் மிச்ச விற்பனையைத் தட்டில் இருக்கும் சரக்கு தாங்கும். ஒக்டோபர் முதல் 14 நாளின் செக் 490,000 ஆகிவிடும், பள்ளம் 140,000க்குக் குறையும்.

மிச்சத்தைக் கடன் பக்கத்தில் சரிசெய்ய வேண்டும். மாதப் பில்லை விட்டுவிட்டு 10, 20, 30ஆம் திகதிகளில் பில் போடுங்கள், ஐந்து நாளில் பணம். பழைய முறையில் பணம் வரும் நாளுக்கு முன் வெளியில் நிற்கும் கடன் 45 நாளுக்கு 900,000. புதிய முறையில் 15 நாளுக்கு 300,000. செப்டெம்பர் கடைசிப் பத்து நாளின் 200,000 ஒக்டோபர் 5இல் கைக்கு வருகிறது, பள்ளம் மூடுகிறது. இதைச் சீசன் நடுவில், ஜூலையில், தொடங்குங்கள். அப்போது கெஸ்ட் ஹவுஸ்காரரிடம் காசு புழங்கும், ஓம் என்பார். ஒக்டோபரில் கேட்டால் சண்டைதான் வரும். தயங்குபவருக்கு நேரத்துக்குத் தந்தால் பில்லில் ஒரு வீதம் கழிவு என்று சொல்லுங்கள். நாளுக்கு 200 ரூபாய்தான் போகும். உங்கள் ஒருநாள் மொத்த இலாபம் 7,000 என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முறையை மாற்றும் மாதத்தில் முடங்கிக் கிடந்த ஆறு இலட்சம் ஒருமுறை கைக்கு வரும். அது இலாபம் அல்ல, உங்கள் முதல்தான் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதில் முச்சக்கர வண்டி வாங்கியவர்கள் ஒக்டோபரில் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள். அதைத் தனிக் கணக்கில் போட்டு, ஒக்டோபர் முடியும்வரை தொடாதீர்கள்.

7. செக் திரும்பப் போகுது எண்டு தெரிஞ்சிட்டுது. ஏஜென்சிக்குச் சொல்லுறதா, பேசாம இருக்கிறதா?

சொல்லுங்கள், வங்கிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னராவது. "இந்தச் செக்கைப் பிடியுங்கோ, பாதிக் காசு இண்டைக்குத் தாறன், மிச்சத்துக்கு இந்தத் திகதிக்குப் புதுச் செக்" என்று தொகையோடும் திகதியோடும் சொன்னால் பெரும்பாலான ஏஜென்சிகள் ஒருமுறை ஒத்துக்கொள்ளும். பழைய செக்கைக் கையில் வாங்காமல் புதியதைக் கொடுக்காதீர்கள். இரண்டும் வங்கிக்குப் போன கதைகள் உண்டு.

பேசாமல் இருந்தால் வங்கிக் கட்டணத்தோடு போகாது. அந்த ரெப் அன்றே உங்களைக் காசுக் கடைப் பட்டியலில் போடுவார், மற்ற ரெப்மார் ஒரு கிழமைக்குள் அறிவார்கள். கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்துகொண்டே செக் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் குற்றமும்கூட. உங்கள் வழிகாட்டிக்கு அந்த ஏஜென்சியில் மதிப்பு இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்புக்கு அவரைக் கேட்கலாம். அவர் உங்களுக்காகச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான். ஒருமுறைக்கு மேல் கேட்காதீர்கள்.

8. அவர் சொன்ன மாதிரிச் செய்தன், பிழைச்சுப்போச்சு. இனிக் கேக்கிறதா விடுறதா?

முதலில் எங்கே பிழைத்தது என்று பாருங்கள். நகருக்குள், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவருக்குச் சீசன் என்பது பெரிய மாற்றம் இல்லை. கிராமங்களிலிருந்து வரும் சனம் வருடம் முழுக்க வரும். அவர் "சரக்கை நிறைச்சு வை, தட்டு வெறுமையா இருந்தா சனம் வராது" என்றால் அவருடைய கடைக்கு அது சரி. நிலாவெளியில் ஒக்டோபரில் அதைச் செய்தால் மாரி முடியும்போது பிஸ்கட்டும் பழச்சாறும் திகதி முடிந்து கிடக்கும். சொன்னவர் பொய் சொல்லவில்லை, இடம் மாறிவிட்டது.

அதனால் ஒருவரிடம் ஆலோசனை வாங்கும்போது இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: "உங்கட கடையில கடன் வியாபாரம் எவ்வளவு?", "மாரியில உங்களுக்கு எவ்வளவு குறையும்?" பதில் உங்களுடையதிலிருந்து தூரமாக இருந்தால், அந்த விடயத்துக்கு வேறு ஆள். போய் நடந்ததையும் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். நல்ல ஆள் கோபிக்கமாட்டார்.

9. சந்தா கட்டுறன். கூட்டத்துக்குப் போனா மாலையும் பொன்னாடையும் பேச்சும்தான். என்ன பிரயோசனம்?

கூட்டத்தில் கிடைக்காது, கூட்டம் முடிந்த பிறகு தேநீர்க் கோப்பையோடு நிற்கும் அரை மணித்தியாலத்தில்தான் கிடைக்கும். எந்த லொறி தம்புள்ளையிலிருந்து எத்தனை மணிக்கு வருகிறது, மூடைக்கு என்ன கூலி, எந்த ஏஜென்சி ரெப்பை மாற்றியிருக்கிறது, இதெல்லாம் அங்கேதான் பேசப்படும். முடிந்தவுடன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டால் சந்தாவின் பெரும்பங்கு வீண்.

சேர முன்னரே பார்க்க வேண்டியது இதைவிட முக்கியம். பதிவு இலக்கம் இருக்கிறதா, கடந்த வருடக் கணக்கறிக்கை வாசிக்கப்பட்டதா, வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இரண்டு கையெழுத்தோடு இருக்கிறதா, கடந்த பன்னிரண்டு மாதத்தில் யாருக்கு என்ன கடிதம் போனது, என்ன பதில் வந்தது. கடிதக் கோவையைக் காட்டக்கூடிய செயலாளர் உள்ள சங்கம் வேலை செய்யும் சங்கம். காட்ட எதுவும் இல்லை, படங்கள் மட்டும்தான் என்றால் ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம். மாவட்ட மட்ட வர்த்தக சம்மேளனம் வேறு அளவிலானது. அது வங்கி, அமைச்சு, கொழும்பு நிறுவனங்களோடு பேசும், உங்கள் தெருக் கான் அதன் வேலை அல்ல. கடை வளர்ந்த பிறகு அதைப் பார்க்கலாம்.

10. திகதி முடியப்போற சாமானை ரெப் திருப்பி எடுக்கிறாரில்லை. சங்கம் பேசுமா?

பேசும், நீங்கள் ஆவணத்தோடு போனால். சும்மா "எடுக்கிறாரில்லை" என்றால் தலைவர் ஒரு தொலைபேசி எடுப்பார், ரெப் "எடுக்கிறன் அண்ணை" என்பார், அத்தோடு சரி. ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: பொருள், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, எத்தனை பெட்டி, எந்தச் சிட்டை இலக்கத்தில் எந்தத் திகதி வாங்கியது. சரக்கு வாங்கிய நாளிலேயே காலாவதிக்கு இரண்டு மாதம்தான் மிச்சம் இருந்தது என்று அந்தத் தாள் காட்டினால், பேச்சு அங்கேயே பாதி முடிந்துவிடும்.

அப்படியான சரக்கு பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் வந்திருக்கும். ரெப்புக்கு மாத இலக்கு உண்டு. 27, 28ஆம் திகதிகளில் "அண்ணை ஒரு அஞ்சு பெட்டி கூடப் போடுறன், விக்காட்டி எடுக்கிறன்" என்று வாய்ச்சொல்லில் இறக்குவார். அந்த வாக்கைச் சிட்டையில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்த ஐந்து பெட்டியை இறக்கவிடாதீர்கள். சங்கம் செய்யக்கூடியது, பத்துப் பன்னிரண்டு கடைகளின் தாள்களைச் சேர்த்து ரெப்பைத் தாண்டி ஏஜென்சியின் பிரதேச முகாமையாளருக்கு ஒரே கடிதமாக அனுப்புவது. காலாவதிக்கு 30 நாளுக்கு முன் மீளப் பெற வேண்டும் என்பது போல ஒரு தெளிவான கோரிக்கை அதில் இருக்க வேண்டும். அதுவரை அந்தச் சாமானைத் தட்டில் வைக்காதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்கு உங்கள் மேல்தான், ரெப் மேல் அல்ல.

11. "கடைப் பொடியனுக்கு ஈ.பி.எஃப். கட்டத் தேவையில்லை, இஞ்ச ஒருத்தரும் கட்டுறேல்லை" எண்டு சங்கத்தில சொல்லினம். சரியா?

பிழை. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும்: ஊழியர் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் பங்கு இன்னும் 3 வீதம். அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் தாமதத்துக்கு ஏற்ப மேலதிகக் கட்டணம் ஏறும், நீண்டு போனால் 50 வீதம் வரை. பொடியன் விலகிப் போய் ஐந்து வருடத்துக்குப் பிறகு தொழில் திணைக்களத்தில் முறையிட்டால், எல்லா மாதத்துக்கும் சேர்த்து, அவர் பங்கையும் நீங்களே கட்ட வேண்டிவரும்.

சரக்கு, ஆள், வழக்கம் பற்றிச் சக வியாபாரி சொல்வதற்கு மதிப்பு உண்டு. சட்டம், வரி பற்றிச் சொல்வதை அந்தந்த அலுவலகத்தில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மூன்றாம் பதிலில் பெரியவர் பற்றிச் சொன்னதும் இதுதான்.

12. எல்லாரும் ஒரே விலைக்கு விக்கோணும் எண்டு முடிவெடுத்தா நானும் கட்டுப்படோணுமா?

வேண்டாம். விலையைச் சேர்ந்து தீர்மானிப்பது போட்டிக்கு எதிரான நடைமுறை. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்படக்கூடியது. பொதியில் அச்சிட்ட அதிகபட்ச விலையைத் தாண்டக் கூடாது, அதற்குக் கீழே உங்கள் விலை உங்களுடையது. சங்கத்தில் வெளிப்படையாகச் சண்டை பிடிக்க அவசியமில்லை. "விலை விசயம் கூட்டக் குறிப்பில வேண்டாம், பிறகு எல்லாருக்கும் பிரச்சினை" என்று சொன்னாலே மற்றவர்கள் விளங்கிக்கொள்வார்கள். கூலி, லொறி வாடகை போன்ற செலவைச் சேர்ந்து குறைப்பது வேறு. அதைத் தாராளமாகச் செய்யலாம்.

13. எங்கட ஊரில தமிழாக்களுக்கொண்டு, முஸ்லிமாக்களுக்கொண்டு, சிங்களவைக்கொண்டு எண்டு சங்கம் இருந்தா எதில சேருறது?

உங்கள் கடை இருக்கும் தெருவையோ தொழிலையோ பிரதிநிதித்துவப்படுத்தும் சங்கத்தில். கானும் லொறி நிறுத்துமிடமும் ஒரே தெருவில் மூன்று சமூகத்துக்கும் ஒன்றுதான். தெருச் சங்கம் கலந்ததாக இருந்தால் அதுதான் முதல் தெரிவு. சமூகச் சங்கம் ஒன்றில் ஏற்கெனவே இருந்தால் விடத் தேவையில்லை, ஆனால் பக்கத்துச் சங்கத்தோடு சேர்ந்து ஒரு கடிதம் போட அது தயாரா என்று பாருங்கள். திணைக்களங்களுக்குக் கடிதம் தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. கையெழுத்திடும் சிங்கள வியாபாரிகளுக்கும் வாசிக்கக்கூடியதாக இரு மொழியிலும் எழுதினால் கையெழுத்தும் கூடும், பதிலும் சீக்கிரம் வரும்.

14. நான் பொம்பிளை. கூட்டம் ராத்திரி எட்டரைக்கு வைக்கினம். எப்பிடிப் போறது?

கடை பூட்டிய பிறகு வைப்பதால் அந்த நேரம். மாற்றச் சொல்லிக் கேளுங்கள், தனியாக அல்ல, பெண்கள் மூன்று, நாலு பேர் சேர்ந்து எழுத்தில். போயா நாள் காலையில் கூட்டம் வைக்கலாம் என்பது பெரும்பாலானோருக்குப் பொருந்தும் யோசனை. மாறும்வரை கூட்டக் குறிப்பின் பிரதியைச் செயலாளரிடம் கேட்டு வாங்குங்கள், உறுப்பினர் என்ற முறையில் அது உங்களுக்குரியது. வழிகாட்டியாகக் கடை நடத்தும் பெண்ணொருவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பெரியவரைக் கடையில், பகலில், அவர் மனைவியோ மகளோ கல்லாவில் இருக்கும் நேரம் சந்திப்பது இருவருக்கும் இலகு.

15. வழிகாட்டுறவர் தன்ர வங்கிக் கடனுக்குப் பிணை நிக்கச் சொல்லிக் கேக்கிறார். மறுக்கலாமா?

மறுக்க வேண்டும். பிணைக் கையெழுத்து என்றால், அவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்டுவது. வங்கி முதலில் அவரைத் துரத்திவிட்டுத்தான் உங்களிடம் வரும் என்று நினைக்காதீர்கள். "வீட்டில ஆருக்கும் பிணை வைக்கிறேல்லை எண்டு முடிவு ஐயா" என்றால் போதும், காரணம் நீட்ட வேண்டாம். சங்கத்தில் சீட்டுக்குச் சேரச் சொன்னாலும் இதே கவனம். சேர்வதென்றால், தவணைப் பணம் செக் திகதிகளோடு மோதாதா என்று ஐந்தாம் பதிலில் சொன்ன நாட்காட்டியில் எழுதிப் பாருங்கள். பத்து மாதச் சீட்டை ஏப்ரலில் தொடங்கினால் நாலு தவணை மாரியில்தான் விழும்.

வழிகாட்டலுக்குப் பணம் கொடுப்பது பற்றியும் கேட்கிறார்கள். வழக்கமில்லை. கேட்டால் அது வேறு உறவு, அப்போது எத்தனை மணித்தியாலம், எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். பொங்கலுக்கோ பெருநாளுக்கோ வீட்டுக்குப் போய் வருவதும், அவர் கடைக்கு இரண்டு நல்ல வாடிக்கையாளரை அனுப்புவதும் போதும்.

16. வந்து ஒரு வருசம்தான். பொருளாளரா நில்லு எண்டு நெருக்கினம்.

யாரும் எடுக்க விரும்பாத பதவி என்பதால்தான் புதியவரிடம் வருகிறது. எடுக்கலாம், நல்ல பள்ளிக்கூடம் அது. எல்லாக் கடைக்காரரையும் மாதம் ஒருமுறை சந்தாவுக்காகச் சந்திக்கக் காரணம் கிடைக்கிறது. மூன்றாம் கேள்வியில் தேடிய ஆட்கள் தாமாகவே அறிமுகமாவார்கள்.

ஆனால் பழைய பொருளாளரிடமிருந்து பொறுப்பை வாங்கும் நாளில் இவை கையில் இருக்க வேண்டும்: அன்றைய திகதியில் வங்கி தந்த மீதிச் சான்று, பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் பாவித்ததும் பாவிக்காததும், சந்தா பாக்கிப் பட்டியல், கையிருப்புக் காசை எண்ணி இருவரும் கையெழுத்திட்ட தாள். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அதைத் தாளில் எழுதிச் செயலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். வங்கியில் பழைய கையெழுத்தை மாற்றக் கூட்டத் தீர்மானத்தின் பிரதியைக் கேட்பார்கள். அது கிடைக்கும்வரை ஒரு செலவுக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். சந்தாக் காசை உங்கள் கடைக் கல்லாவில் ஓர் இரவுகூட வைக்காமல், தனி உறையில் போட்டு மறுநாள் காலையில் வங்கியில் வைப்பிலிடுங்கள்.